இன்று கொடுக்கும் பணத்தை NPV அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடும்

சிறு தொழிற்கூடங்களின் திட்ட அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. எக்செல் கோப்பு வந்ததும் நிகர நிகழ்கால மதிப்பு இருக்கும் கட்டத்தைச் சொடுக்கி, அந்தச் சூத்திரம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று பார்த்துவிடுவேன். இயந்திரம் வாங்க இன்றைக்கே கொடுக்கும் தொகையும் அந்த வரிசைக்குள் இருந்தால், விடை தவறு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பின்னல் இயந்திரத்தின் விலை 10 லட்சம் ரூபாய். முழுப் பணத்தையும் இன்றே கட்டிவிடுகிறோம். அடுத்த ஐந்து ஆண்டுகளும் ஆண்டு முடிவில் 3 லட்சம் வீதம் கையில் நிற்கும். விகிதம் 12 சதவீதம். B2 கட்டத்தில் -1000000, B3 முதல் B7 வரை 300000. பலரும் எழுதுவது இப்படி:

```
=NPV(12%,B2:B7)
```

விடை 72,708 ரூபாய். உண்மையான விடை 81,433 ரூபாய். எழுதியிருக்க வேண்டியது இது:

```
=B2+NPV(12%,B3:B7)
```

எக்செல் கணக்கில் பிழை இல்லை. வரிசையில் முதலில் வரும் தொகை ஒரு கால அளவு முடிந்த பிறகே கைமாறுகிறது என்று வைத்துக்கொண்டுதான் NPV கணக்குப் போடும். ஆகவே இன்று கொடுக்கும் 10 லட்சத்தை ஓராண்டு கழித்துக் கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறது. முதல் ஆண்டின் வரவு இரண்டாம் ஆண்டுக்குப் போகிறது, ஐந்தாம் ஆண்டின் வரவு ஆறாம் ஆண்டுக்கு. பக்கத்து நெடுவரிசையில் நீங்கள் ‘ஆண்டு 0’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாலும் அந்தத் தலைப்பை அது படிப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே, தொடக்கத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை வரிசையில் சேர்க்காமல் விடையோடு தனியாகக் கூட்டச் சொல்கிறது. லிப்ரே ஆஃபீஸிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதே வழக்கம்தான்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் கால்குலேட்டர் என்பது என் எண்ணம். 1981இல் வந்த எச்பி-12சி போன்ற நிதிக் கால்குலேட்டர்களில் தொடக்கத் தொகைக்கென்று தனி விசை உண்டு. அதில் உள்ளிட்டதை இன்றைய பணமாகவே எடுத்துக்கொள்ளும். பாடப்புத்தகச் சூத்திரமும் ஆண்டு 0 என்றுதான் தொடங்கும். இரண்டிலும் பழகியவர், அதே பெயருடைய எக்செல் சூத்திரமும் அதையே செய்யும் என்று நம்புவதில் வியப்பில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு காலிக் கட்டத்தில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=NPV(12%,-1000000)
```

-8,92,857 என்று வரும். இன்று கொடுக்கும் பத்து லட்சத்தின் இன்றைய மதிப்பு பத்து லட்சம்தான். எட்டு லட்சத்துச் சொச்சம் ஆக முடியாது.

இந்தத் தவறு ஏன் இத்தனை நாள் பிழைத்திருக்கிறது என்றால், வழக்கமாகச் செய்யும் சோதனைகள் எதிலும் அது அகப்படாது. விகிதத்தைச் சுழியம் ஆக்கிப் பார்த்தால் இரண்டு சூத்திரமும் ஒரே கூட்டுத்தொகையைத் தரும். IRR போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நம் இயந்திரத்துக்கு IRR ஏறத்தாழ 15.24 சதவீதம். அந்த விகிதத்தை இட்டால் சரியான சூத்திரமும் தவறான சூத்திரமும் சுழியத்துக்கே வரும். காரணம் எளிது: தவறான விடை என்பது சரியான விடையை ஒன்றோடு விகிதத்தைக் கூட்டி வகுத்தது, 12 சதவீதம் என்றால் 1.12ஆல், அவ்வளவுதான். சுழியத்தை எதனால் வகுத்தாலும் சுழியமே. கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறவும் வழியில்லை.

ஒரு தொழிற்கூட உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது, “பிளஸ்லதானே சார் வருது, அப்புறம் என்ன?” என்று கேட்டார். ஒரே ஒரு திட்டம், வேண்டுமா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அவர் கையில் இரண்டு விலைப்புள்ளிகள் இருந்தன, இரண்டு பேர் போட்ட இரண்டு தாள்களில்.

அந்த நிலைமையை நம் எண்களிலேயே பார்க்கலாம். முதல் இயந்திரத்தின் தாளைச் சரியாகப் போட்டவர் 81,433 என்று காட்டுகிறார். இரண்டாவது இயந்திரத்தின் விலை 12 லட்சம், ஆண்டு வரவு 3,57,000. அதன் தாளைப் போட்டவர் முழு வரிசையையும் NPVக்குள் கொடுத்ததால் 77,594 என்று வருகிறது. முதல் இயந்திரமே மேல் என்று தோன்றும். இரண்டாவதைத் திருத்திப் போட்டால் 86,905. முடிவு தலைகீழாகிறது. இரண்டு தாள்களிலும் ஒரே விகிதத்தில் ஒரே தவறு இருந்திருந்தால் வரிசை மாறியிருக்காது. ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் இருக்கும்போதுதான் ஆபத்து. ஆபத்துக்கு வேறுபட்ட விகிதங்களும் போதும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு அளவால் வகுபடும்.

பேரம் பேசும்போதும் இது கையைக் கடிக்கும். இந்த இயந்திரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்று கேட்டால், விலையோடு நிகர மதிப்பைக் கூட்டிச் சொல்வது வழக்கம். சரியான கணக்கில் அது 10,81,433. தவறான கணக்கில் 10,72,708. ரூபாய் 8,725 வித்தியாசம், சும்மா ஒரு கட்டம் முன்னதாகத் தொடங்கியதால்.

‘குறைவாகத்தானே காட்டுகிறது, பாதுகாப்புக்கு நல்லதுதானே’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை. ஆண்டு வரவை 2,50,000 ஆகக் குறைத்துப் பாருங்கள். உண்மையில் நட்டம் 98,806 ரூபாய், தவறான சூத்திரம் காட்டுவது 88,220. நட்டமான திட்டத்தை அது மெருகேற்றிக் காட்டுகிறது.

தேதி போட்டுக் கணக்கிடும் XNPV இந்த இடத்தில் வேறு மாதிரி. முதல் தேதியை இன்றைய நாளாக எடுத்துக்கொள்வதால், அதற்கு முழு வரிசையையும் கொடுப்பதுதான் சரி. NPVயில் பழகிய கை அங்கேயும் B2ஐ வெளியே எடுத்து B3இலிருந்து தொடங்கினால், இம்முறை தவறு எதிர்ப்பக்கம் திரும்பும்: முதல் ஆண்டின் வரவு இன்றே வந்ததாகிவிடும். ஒரே கோப்பில் முழு வரிசைக்கும் NPV, XNPV இரண்டையும் போட்டு, ஏறத்தாழ 12 சதவீதம் வேறுபாடு வருவதற்கு லீப் ஆண்டைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். லீப் ஆண்டின் ஒரு நாளால் அவ்வளவு நகராது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். முன்பணம் எதுவும் இல்லாமல், முழு விலையையும் ஓராண்டு கழித்தே கட்டும் ஒப்பந்தமாக இருந்து, முதல் வரவும் அதற்கு அடுத்த ஆண்டு முடிவில்தான் வரும் என்றால் B2:B7 என்ற வரிசையே சரி. ‘2025-26’ என்று மட்டும் தலைப்பிட்ட கட்டத்தைப் பார்த்து, பணம் ஏப்ரலில் போகிறதா அடுத்த மார்ச்சிலா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே சூத்திரத்தில் கைவைக்கும் முன் கட்டணத் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

நான் தயாரிக்கும் தாள்களில் ஆண்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே கழிவுக் காரணிக்கென ஒரு நெடுவரிசை வைக்கிறேன்: ஆண்டு 0க்கு 1, ஆண்டு 1க்கு 0.8929, இப்படியே போகும். பணத்தோடு அதைப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை NPV விடையோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல், வித்தியாசம் சரியாக 1.12 மடங்காக இருந்தால் எங்கே பார்ப்பது என்று இனி உங்களுக்குத் தெரியும்.