இன்னும் போகாதவர்களையும் எண்ண வேண்டும்

சந்தாதாரர்கள் சராசரியாக எத்தனை மாதம் நீடிக்கிறார்கள் என்று கேட்டால், பலரும் ரத்து செய்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சராசரியை நான் நம்புவதில்லை. 10 பேர் கொண்ட ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 2 பேர் முதல் மாதத்திலும் ஒருவர் 3-ஆம் மாதத்திலும் விலகிவிட்டார்கள். 3 பேர் சேர்ந்து 2 மாதம்தான் ஆகிறது. மீதி 4 பேருக்கு 6 மாதம் ஆகிவிட்டது. இந்த 7 பேரும் இன்னும் ரத்து செய்யவில்லை. விலகிய மூவரின் சராசரி 1.7 மாதம்கூட இல்லை. 6 மாதமாக நிலைத்திருக்கும் நால்வருக்கு அந்த எண்ணில் இடமே இல்லை. இன்னும் விலகாதவரைப் பற்றி நமக்குத் தெரிவது, அவர் இத்தனை மாதமாவது இருந்தார் என்பதுதான். புள்ளியியலில் இதைச் ‘சென்சார்’ ஆன பதிவு என்பார்கள். அது அரைகுறைத் தகவல்தான், ஆனாலும் தகவல். அதைத் தூக்கி எறியாமல் பயன்படுத்தும் வழியை 1958-இல் கேப்லனும் மையரும் ஒரு கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு விவரம் போதும்: எத்தனை மாதம் இருந்தார், விலகினாரா இல்லையா. முதல் மாதத்தில் 10 பேரில் 8 பேர் தங்கினார்கள், 0.8. அடுத்த விலகல் 3-ஆம் மாதத்தில். அந்த மாதத்தை எட்டிப் பார்த்தவர்கள் 5 பேரே, அவர்களில் 4 பேர் தங்கினார்கள், மறுபடி 0.8. இரண்டையும் பெருக்கினால் 0.64. அதாவது 3 மாதம் தாண்டுவோர் 64 சதவீதம். 2 மாதக்காரர்களை நீக்கியிருந்தால் 57 என்று வந்திருக்கும். கடைசிவரை இருப்பார்கள் என்று வைத்திருந்தால் 70.

மாத விலகல் விகிதமே போதாதா என்று கேட்கலாம். மாதம் 5 சதவீதம் என்றால் ஆயுள் 20 மாதம் என்ற கணக்கு, புதியவரும் பழையவரும் ஒரே வேகத்தில் விலகினால்தான் சரி. சேர்ந்த புதிதில் அதிகம் பேர் விலகும் சேவையில் அந்த மாதம் புதியவர்கள் பெருகினாலே விகிதம் ஏறிவிடும், சேவை கெடாவிட்டாலும். எல்லோரும் ஓராண்டு முடிக்கும்வரை காத்திருக்கலாமே என்பது இன்னொரு வாதம். அதற்குள் விலையும் திட்டமும் மாறிவிட்டால், கையில் கிடைப்பது பழைய திட்டத்தின் கதை.

நான் கனமாக எடுத்துக்கொள்ளும் மறுப்பு வேறு. பார்வையிலிருந்து மறைந்தவரும் தொடர்ந்து பார்க்கப்படுபவரும் விலகும் வாய்ப்பில் ஒத்திருக்கிறார்கள் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. 2 மாதக்காரர்கள் அண்மையில் சேர்ந்ததால் மட்டும் மறைந்திருந்தால் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கார்டில் பணம் எடுக்க முடியாமல் ‘நிலுவை’ என்று ஒதுக்கப்பட்டவர்களாக இருந்தால்? அவர்களில் பலர் சொல்லாமல் விலகியவர்கள். அதைச் சோதிக்க, மூவரும் 2-ஆம் மாதமே விலகினார்கள் என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள்: 0.8, 5/8, 0.8 ஆகியவற்றைப் பெருக்கினால் 40 சதவீதம். மறுகோடி 70. இவ்வளவு அகல இடைவெளி வந்தால், அந்த மூவரின் நிலை என்னவென்று பில்லிங் பிரிவில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை 64 என்ற எண்ணை அறிக்கையில் சேர்க்கமாட்டேன்.