கட்டத்தின் அளவு என்ன? குடும்பப் படங்களால் ஒரு முகத்தைச் சேர்க்கும் முறை



ரமணாசிரமம் பகுதியில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொண்டுவந்தார்கள். வஃபாத்தாகிவிட்ட அவர்களுடைய அத்தாவுக்கு இருந்த ஒரே படம் அதுதான். தையல் தொழில் செய்தவர், படம் எடுத்துக்கொள்வதில் விருப்பம் இல்லாதவர். ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக எடுத்த அந்தப் படமும் ஓரம் மங்கி, நடுவில் மடிப்பு விழுந்து கிடந்தது. ஸ்டுடியோவில் பெரிதாக்கிப் பார்த்தபோது முகம் புகைபோல ஆகிவிட்டது. ஆனால் மகன், மகள், பேரப்பிள்ளைகளின் படங்கள் ஆல்பத்திலும் கைப்பேசியிலும் நிறைய இருந்தன. அவற்றில் 320 படங்களைத் தேர்ந்து, அவற்றாலேயே அத்தாவின் முகத்தைச் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த வேலையில் கற்றுக்கொண்டதைக் கேட்டுப் பல வீடுகளிலிருந்து விசாரிப்பதால், இந்த இதழில் பாடமாகவே தருகிறோம்.

இது எப்படி முகமாகத் தெரிகிறது?

செங்கம் சாலையில் நின்று அண்ணாமலை மலையைப் பார்த்தால் ஒரே வடிவமாகத் தெரியும். அடிவாரத்துக்குப் போனால் பாறையும் புதரும்தான் தெரியும், வடிவம் மறைந்துவிடும். ஃபோட்டோ மொசைக் எனப்படும் இந்தப் படமும் அப்படித்தான். பெரிய படத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று பார்த்து, அதே அளவு வெளிச்சமுள்ள ஒரு சின்னப் படத்தை அந்த இடத்தில் வைக்கிறோம். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தூரத்திலிருக்கும் கண் கவனிப்பதில்லை. அதன் சராசரி வெளிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஒரு முகத்தை அடையாளம் காண எத்தனை கட்டம் போதும் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் சோதித்து 1973-இல் எழுதினார். ஆப்ரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறக் கட்டங்களாக்கி அவர் வெளியிட்ட படம் புகழ்பெற்றது. பக்கத்தில் பார்த்தால் வெறும் சதுரங்கள், கண்ணைச் சுருக்கினாலோ தள்ளி நின்றாலோ லிங்கன். முகத்துக்குக் குறுக்கே 16, நெடுக்கே 16 கட்டம் என்பதே ஏறக்குறைய அடிமட்ட எல்லை என்பது அவர் சோதனைகளில் தெரிந்தது. அந்தப் படத்தை வைத்தே ஓவியர் டாலி 1976-இல் ஓர் ஓவியம் வரைந்தார். இருபது மீட்டர் தூரத்தில் அது லிங்கனாகத் தெரியும் என்று ஓவியத்தின் தலைப்பிலேயே தூரத்தைச் சொல்லிவிட்டார். கட்டங்களுக்குள் சின்னப் புகைப்படங்களை வைக்கும் முறையை 1990-களில் பரவலாக்கியவர் ராபர்ட் சில்வர்ஸ்.

இதிலிருந்து நமக்கு ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. மூலப்படம் தெளிவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சில நூறு புள்ளி அளவுக்கு வெளிச்சமும் நிழலும் சரியாக இருந்தால் போதும். பெரிதாக்க முடியாத பழைய பாஸ்போர்ட் படம் இதற்குப் போதுமானது.

முதல் முயற்சி ஏன் தவறியது?

24 அங்குல அகலம், 30 அங்குல உயரம் என்று தாள் அளவை முடிவு செய்தோம். எண்ணுவதற்கு எளிது என்று ஓர் அங்குலக் கட்டம் வைத்தோம். குறுக்கே 24, நெடுக்கே 30, மொத்தம் 720 கட்டம். ஹார்மன் சொன்ன எல்லையைவிட அதிகம்தானே என்று நினைத்தோம். சாதாரணத் தாளில் மாதிரி எடுத்துக் காட்டியபோது அந்த அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "தொப்பி தெரியுது, தாடி தெரியுது. அவங்க கண்ணு எங்க?" என்று கேட்டார்கள்.

தவறு எங்கே என்று அந்தக் கேள்வியே காட்டிவிட்டது. நாம் தாளின் அகலத்துக்குக் கட்டத்தை எண்ணியிருந்தோம். எண்ண வேண்டியது முகத்தின் அகலத்துக்கு. பாஸ்போர்ட் படத்தின் அகலம் 35 மில்லிமீட்டர், அதில் அத்தாவின் முகம் 18 மில்லிமீட்டர்தான். ஆகவே 24 கட்டத்தில் முகத்துக்குக் கிடைத்தவை சுமார் 12. மீதி தோளுக்கும் பின்புறச் சுவருக்கும் போய்விட்டன. ஒரு கண்ணின் அகலம் முகத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு கண்ணுக்கு இரண்டரைக் கட்டம்! அதில் கருவிழி, வெள்ளை, இமை எல்லாம் ஒரே கறையாகக் கலந்துவிட்டன.

இதிலிருந்து நாம் கடைப்பிடிக்கும் கணக்கு இது: ஒரு கண்ணுக்கு ஐந்து கட்டமாவது வேண்டும். அதாவது முகத்தின் அகலத்துக்கு 24 அல்லது 25 கட்டம்.

சரியான அளவை எப்படிக் கண்டோம்?

இரண்டு மாற்றம் செய்தோம். முதலில் மூலப்படத்தை நெருக்கமாக வெட்டினோம். தொப்பியிலிருந்து தாடி வரை மட்டும் நிற்குமாறு 24 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் உயரம் எடுத்தோம். இப்போது முகம் அகலத்தில் முக்கால் பங்கு. இரண்டாவதாக, கட்டத்தை முக்கால் அங்குலமாக்கினோம். குறுக்கே 32, நெடுக்கே 40, மொத்தம் 1,280 கட்டம். முகத்துக்கு 24 கட்டம், கண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து. 320 படம் இருப்பதால் ஒவ்வொன்றும் சராசரியாக நான்கு முறை வரும்.

இன்னும் சிறிதாக, அரை அங்குலமாக வைத்தால் அத்தாவின் முகம் மேலும் தெளிவாகும். ஆனால் 2,880 கட்டம் தேவைப்படும், ஒவ்வொரு படமும் ஒன்பது முறை திரும்ப வரும். மேலும் அரை அங்குலத்துக்குள் பேரப்பிள்ளையின் முகத்தை வயதானவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்க முடியாவிட்டால் சாதாரணப் புள்ளிகளாலேயே அந்த முகத்தை அச்சிட்டுவிடலாமே! பெரிய முகம் சிறிய கட்டத்தைக் கேட்கிறது, சின்ன முகங்கள் பெரிய கட்டத்தைக் கேட்கின்றன. முதல் கணக்கால் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கண்டுகொண்டு, அந்த எல்லையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

முக்கால் அங்குலத்தில் இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோவை அப்படியே வைத்தால் ஒரு முகமும் தெரியாது. ஒருவரோ இருவரோ இருக்குமாறு சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூல ஆல்பத்தில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவும் வேண்டாம். நிழலான இடத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைப்பேசியில் எடுத்தால் இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கணினியில் GIMP என்ற இலவச மென்பொருளில் மூலப்படத்தின் நகலைத் திறந்து, `Image` மெனுவில் `Scale Image` என்பதில் அகலம் 32, உயரம் 40 என்று கொடுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கிவிட்டு பத்தடி தள்ளி நின்று, அவரை அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். யாரென்று அவர் சொல்லிவிட்டால் அந்தக் கட்ட அளவு போதும். சொல்லாவிட்டால் எத்தனை அழகான சின்னப் படங்களை வைத்தாலும் பயன் இல்லை. இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள், அல்லது கட்டத்தைக் கூட்டுங்கள்.

வெள்ளைக்கு வந்த பஞ்சம்

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை நடுத்தர வெளிச்சம் உள்ளவை. அத்தாவின் வெள்ளைத் தொப்பிக்கும் வெளிறிய பின்புறத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 500 வெளிச்சக் கட்டம் தேவைப்பட்டது. அத்தனை வெளிச்சமான படங்கள் நம்மிடம் 35தான் இருந்தன. ஒவ்வொன்றும் 14 முறை வந்து, தலையைச் சுற்றிலும் ஒரே குழந்தை வரிசையாக நிற்பதுபோல் ஆகிவிட்டது. தூரத்திலிருந்தும் அந்த வரிசை கோடாகத் தெரிந்தது.

படங்களைத் தேடி அலைவதைவிட மூலத்தைத் திருத்துவது எளிதாக இருந்தது. பின்புறத்தை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கினோம். அந்த இடமெல்லாம் சாதாரணப் படங்களால் நிரம்பியது. தொப்பிக்கு மட்டும் 130 வெளிச்சக் கட்டம் வேண்டியிருந்தது, அதற்கு 35 படம் போதும். ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி இடைவெளி விடும் வசதி AndreaMosaic போன்ற இலவச மென்பொருளிலேயே இருக்கிறது. எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டால், சிவப்புச் சட்டை, பச்சைச் சுவர் என்ற தொல்லையும் தீரும்.

இரண்டு எச்சரிக்கை. வெளிச்சம் பொருந்தாத கட்டத்தின் மேல் மூலத்தின் சாயத்தை லேசாகப் பூசும் வசதி உண்டு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பூசினால் சின்னப் படங்கள் பேய்போல வெளுத்துவிடும். மேலும், எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் படங்களை இடவலமாகத் திருப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். பின்னால் மாட்டியிருக்கும் அரபி எழுத்து இடவலம் மாறிவிடும்.

அச்சும் இடமும்

ஃப்ளெக்ஸில் அச்சிட வேண்டாம். பேனர் தூரத்தில் பார்ப்பதற்கானது, அதில் சின்ன முகங்கள் கரைந்துவிடும். பளபளப்பில்லாத போட்டோ தாளே சரி. அங்குலத்துக்கு 200 பிக்சல் வீதம், ஒரு கட்டத்துக்கு 150 பிக்சல், முழுப் படத்துக்கு 4,800-க்கு 6,000 பிக்சல் என்று கொடுத்தால் போதும். முழுவதும் அச்சிடும் முன் கண் இருக்கும் பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு துண்டு அச்சிட்டுப் பாருங்கள்.

எட்டடி அகலக் கூடத்தின் பக்கச் சுவரில் மாட்டினால் கட்டங்கள்தான் தெரியும். பன்னிரண்டு அடியாவது தள்ளி நின்று பார்க்கும்படியான சுவரைத் தேர்ந்தெடுங்கள். முக்கால் அங்குலத்தில் ஒவ்வொருவர் முகமும் தெரியும் என்பதால், விருந்தினர் வந்து போகும் இடத்தில் மாட்டுவதாக இருந்தால் வீட்டுப் பெண்களிடம் முன்பே சம்மதம் கேளுங்கள். சம்மதம் இல்லாத படங்களை எடுத்துவிடுங்கள். உருவப் படம் மாட்டுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் குடும்பத்தார் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு, தொழும் அறையில் மாட்டாமல், உள் அறையில் கதவுக்கு நேரான சுவரில் மாட்டினார்கள்.

அந்த அம்மா கதவருகே நின்று நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு கிட்டே போய், இடது கண்ணின் ஓரத்திலிருந்த ஒரு கட்டத்தில் விரல் வைத்து, "இது யாரு நிக்காஹ்ல எடுத்தது?" என்று மகளிடம் கேட்டார்கள்.

இதைச் செய்ய விரும்புவோர், மூலப்படத்தை வெட்டும் முன் ஓர் அளவுகோலால் முகத்தின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அந்த ஓர் எண்ணிலிருந்து வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.