பாட்டியின் பிறந்த நாள்

கேரளத்தில் பலர் பிறந்த நட்சத்திரத்தில்தான் பிறந்த நாள் கொண்டாடுவார்கள். ஒரு பாட்டி பிறந்தது சிங்க மாதம், திருவோண நட்சத்திரம். அது 2024-இல் செப்டம்பர் 15 அன்று வந்தது. 2025-இல் செப்டம்பர் 5 அன்றே வந்துவிட்டது. ஏன்?

நிலா 27 நட்சத்திரங்களையும் கடந்து ஒரு சுற்று வர 27 நாளுக்குச் சற்று அதிகம் ஆகும். 13 சுற்றுக்கு 355 நாள். ஆண்டுக்கோ 365 நாள். அதனால் 10 நாள் முந்துகிறது. சிங்க மாதம் பிறக்கும் முன்பே வந்துவிட்டால், அடுத்த திருவோணம்தான் பிறந்த நாள்.

பேரன் மும்பையில் வேலை பார்க்கிறான். பழைய தேதியை நம்பியிருந்தால் 2025-இல் அவன் வாழ்த்து 10 நாள் பிந்தியிருக்கும். புதுக் காலண்டர் வந்ததுமே அவன் திருவோணத்தைக் குறித்து வைத்தான். அன்று விடியற்காலையில், பாட்டி கோயிலுக்குப் புறப்படும் முன்பே போன் செய்தான்.