மூன்று ரகம், ஒரே வரிசை: பெயரைக் கேட்டதும் புரிய வேண்டும்

வேப்பம்பட்டில் காலையில் பால் வாங்குகிறவர் “நைஸ் ஒன்று கொடுங்க” என்று கேட்பதில்லை. “நீலம் ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு” என்றுதான் கேட்கிறார். ஆவின் தன் பாக்கெட்டுகளுக்கு வைத்த பெயர்கள் டயட், நைஸ், கிரீன் மேஜிக், பிரீமியம். அவற்றை விட்டுவிட்டு மக்கள் நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பொருளை இரண்டு மூன்று ரகமாக விற்கிற எவரும், அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை நடத்தினாலும் வீட்டிலிருந்தே தொழில் செய்தாலும், முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்தப் பாக்கெட்டுகளுக்குள் தெளிவான ஒரு வரிசை இருக்கிறது. டயட்டில் கொழுப்பு 1.5 சதவீதம், நைஸில் 3, கிரீன் மேஜிக்கில் 4.5, பிரீமியத்தில் 6. ஆனால் விவரம் தெரியாத ஒருவரிடம் பெயர்களை மட்டும் சொல்லி வரிசைப்படுத்தச் சொன்னால், பிரீமியத்தை மேலே வைப்பார், மற்றவற்றில் தடுமாறுவார். நைஸ் உயர்ந்ததா, மேஜிக் உயர்ந்ததா? இரண்டுமே பாராட்டுச் சொற்கள். பாராட்டுக்குள் ஏறுமுகமும் இறங்குமுகமும் கிடையாது. 2023இல் 3.5 சதவீதக் கொழுப்போடு டிலைட் என்ற ஊதா பாக்கெட் வந்தது. நைஸுக்கும் கிரீன் மேஜிக்குக்கும் நடுவில் அதன் இடம். அந்தப் பெயரிலிருந்து இதை ஊகிக்க வழியே இல்லை.

நிறங்களுக்கும் இயல்பான வரிசை கிடையாதே, பிறகு எப்படி நிலைத்தன? பல ஆண்டுகளாகத் தினமும் வாங்கிப் பழகியதால் நிலைத்தன. புதிதாகச் சந்தைக்கு வருபவருக்கு அந்தக் கால அவகாசம் கிடைக்காது. அவருடைய பெயர் முதல் தடவையே வேலை செய்தாக வேண்டும்.

2024 டிசம்பரில் கிரீன் மேஜிக் பிளஸ் அறிவிக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சை இன்னும் முக்கியமான பாடம். கொழுப்பு அதே 4.5 சதவீதம். கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதத்திலிருந்து 9 ஆக உயர்ந்தது, வைட்டமின் ஏ, டி சேர்க்கப்பட்டன. அதுவரை சரி, பிளஸ்தான். ஆனால் கிரீன் மேஜிக் 500 மில்லி 22 ரூபாய்க்கு விற்ற நேரத்தில், பிளஸ் பாக்கெட் 450 மில்லி, விலை 25 ரூபாய். லிட்டர் கணக்கில் முன்னது 44 ரூபாய், பின்னது ஏறக்குறைய 55 ரூபாய் 50 காசு. பால் முகவர்கள் தரப்பில் இதை மறைமுக விலையேற்றம் என்று எதிர்த்தார்கள். சத்து கூடியது உண்மை, ஆனால் பாக்கெட் அளவு குறைந்ததும் உண்மை. பிளஸ் என்று பெயர் வைத்தால் கீழ் ரகத்தில் உள்ள எல்லாமே, அளவு உட்பட, குறையாமல் அதில் இருக்க வேண்டும். ஒன்று கூடி இன்னொன்று குறைந்தால் அது வேறு ரகம், அதற்கு வேறு பெயர் வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் மற்ற எந்தத் திறமையும் காப்பாற்றாது என்பது என் உறுதியான கருத்து.

இதே பிளஸ்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சில் அந்த வால் உதிர்ந்துவிடும். “பச்சை ஒண்ணு” என்று கேட்பவரிடம் “எந்தப் பச்சை?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் பெயரை அட்டையில் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடை முன்னே நின்று கேட்பது போலவும் ஃபோனில் ஆர்டர் சொல்வது போலவும் சொல்லிப் பாருங்கள்.

இனி ஒரு கற்பனைத் தொழிலை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை வீடுகளில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒருவர் மூன்று வகை ஆண்டு ஒப்பந்தங்கள் விற்கிறார். முதலாவதில் மூன்று முறை வந்து சுத்தம் செய்து சரிபார்ப்பார், உதிரிபாகத்துக்குத் தனிக் காசு. இரண்டாவதில் அதோடு செடிமென்ட் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் மாற்றித் தருவார். மூன்றாவதில் ஆர்.ஓ. மெம்பிரேனும் சேரும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

சில்வருக்கு மேல் கோல்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பிளாட்டினம் கோல்டுக்கு மேலா என்பதில் பலருக்குத் தயக்கம் வரும், ஏனென்றால் நம் வீடுகளில் உச்சம் தங்கம்தான். அடுத்த சிக்கல் பில் போடும் கணினியில். ஆங்கில அகர வரிசையில் பட்டியலிட்டால் கோல்டு, பிளாட்டினம், சில்வர் என்று வரும். மலிவானது கடைசியில் நிற்கும், புதிதாகச் சேர்ந்த பையன் தவறாகத் தட்டுவான். பேசிக், பிளஸ், பிரீமியம் அகர வரிசையிலும் சரியாகவே நிற்கும், அது அவற்றின் நல்ல குணம். ஆனால் சர்வீஸ் சீட்டில் மெக்கானிக் அவசரத்தில் P என்று மட்டும் எழுதினால் பிளஸ்ஸா பிரீமியமா என்று யாருக்கும் தெரியாது.

எனவே இவருக்கு நான் சொல்வது, உள்ளே இருப்பதையே பெயராக்குங்கள் என்பதுதான். ‘சர்வீஸ் மட்டும்’, ‘சர்வீஸ், ஃபில்டர்’, ‘சர்வீஸ், ஃபில்டர், மெம்பிரேன்’. மேலே போகப் போகப் பெயர் நீள்வதே வரிசையைக் காட்டிவிடும். வாய்ப்பேச்சில் கடைசிச் சொல் போதும்: “மெம்பிரேன் பிளான் போட்டுடுங்க.” பில்லில் 10, 20, 30 என்று எண் முன்னால் வரட்டும். நாளைக்கு இடையில் ஒரு ஒப்பந்தம் தேவைப்பட்டால் 25 காலியாக இருக்கும். உச்சத்துக்கு பிரீமியம் என்று வைத்துவிட்டவர்கள், அதற்கு மேல் ஒன்று வரும்போது சூப்பர் பிரீமியம், அல்ட்ரா என்று திண்டாடுவதைப் பார்க்கிறோம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ரகங்களுக்கு நடுவே கூடுவது ஐந்தாறு அம்சங்கள் என்றால் எல்லாவற்றையும் பெயரில் அடுக்க முடியாது. அப்போது எண்ணை நாடலாம். ரயிலில் 1A, 2A, 3A என்றால் எது உயர்ந்தது என்று பயணிகளுக்குத் தெரியும், எண் குறையக் குறைய வசதி கூடும். இந்தியன் ஆயிலின் XP95, XP100 பெட்ரோலில் எண் கூடினால் ஆக்டேன் கூடும். இரண்டு திசையும் செல்லும், ஆனால் ஒரே கடையில் இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டே ரகம் என்றால் சாதா, ஸ்பெஷல் போதும்; டீக்கடையும் ஓட்டலும் ஏற்கெனவே நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. மூன்றாவதாக டீலக்ஸ் நுழைந்தால், அது ஸ்பெஷலுக்கு மேலா கீழா என்று ஆளுக்கொரு பதில் வரும்.

பெயரை அச்சடிக்கும் முன் சோதனை ஒன்று. பெயர்களைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதுங்கள், விலையோ விளக்கமோ வேண்டாம். சீட்டுகளைக் கலைத்து, உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத பத்துப் பேரிடம் கொடுத்து, மலிவிலிருந்து உயர்ந்தது வரை அடுக்கச் சொல்லுங்கள். தவறாக அடுக்கியவர்களை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், கை தயங்கி நின்றவர்களையும் சேருங்கள். பத்தில் இரண்டு பேர் தடுமாறினாலே எந்தச் சீட்டில் நின்றார்கள் என்று பார்த்து அந்தப் பெயரை மாற்றுங்கள். குடும்பத்தாரிடமும் ஊழியரிடமும் செய்யும் சோதனை செல்லாது, அவர்களுக்கு விடை தெரியும்.

ஏற்கெனவே பழைய பெயரில் வாடிக்கையாளர்கள் இருந்தால், மாற்றும் ஆண்டு முழுக்க ரசீதில் ‘ஃபில்டர் பிளான், முன்பு கோல்டு’ என்று இரண்டையும் அச்சிடுங்கள். பணம் கட்டிய ஒப்பந்தத்தின் பெயர் திடீரென்று மாறினால், தன்னைக் கீழ் ரகத்துக்கு இறக்கிவிட்டார்களோ என்று முதலில் சந்தேகப்படுபவர் கோல்டு வாங்கியவர்தான்.