170 செ.மீ. கோடும் முழங்கால் குருத்தும்

நீண்ட எலும்பு அதன் நடுத்தண்டில் நீள்வதில்லை. தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு, கை எலும்புகள் ஆகியவற்றின் முனைகளுக்குச் சற்று உள்ளே, சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குருத்தெலும்புப் படலம் உண்டு. வளர்ச்சித் தட்டு என்பது அதன் பெயர். குழந்தையின் கால் நீள்வது அந்தப் படலத்தில்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் கோழிக்குஞ்சு ஒன்றின் கால் எலும்பில் இரண்டு சிறு துளைகளை இட்டு, குஞ்சு வளர்ந்தபின் அளந்து பார்த்ததை 1727-இல் எழுதினார். எலும்பு நன்றாக நீண்டிருந்தது. துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் மாறவில்லை. வளர்ச்சி முனைகளில் நடக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

தட்டுக்குள் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூட்டை ஒட்டிய பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் ஓய்வில் உள்ள செல்கள். அவையே விதைநெல் போன்ற இருப்பு. அதற்கு அடுத்த அடுக்கில் செல்கள் வேகமாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த காசுகள்போல நெடுக்கு வரிசைகளில் நிற்கின்றன. அதற்கும் அடுத்து ஒவ்வொரு செல்லும் பல மடங்கு பருத்துவிடுகிறது. எலும்பின் முனையைத் தள்ளிக்கொண்டு போவதில் பெரும்பங்கு இந்தப் பருத்தலுக்கே. பருத்த செல்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிகிறது, இரத்தக் குழாய்கள் நுழைகின்றன, எலும்பு கட்டும் செல்கள் வந்து அந்த இடத்தை எலும்பாக மாற்றுகின்றன. ஒரு பக்கம் குருத்து உண்டாகிறது, மறுபக்கம் அது எலும்பாகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும்வரை தட்டின் தடிமன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எலும்போ நீண்டுகொண்டே போகும்.

எல்லாத் தட்டும் ஒரே அளவு உழைப்பதில்லை. காலின் நீளத்தில் பெரும்பகுதி முழங்காலைச் சுற்றியே வருகிறது. வளரும் வயதில் தொடை எலும்பின் கீழ்த்தட்டு ஆண்டுக்குச் சுமார் 10 மி.மீ., கணைக்கால் எலும்பின் மேல்தட்டு சுமார் 6 மி.மீ. சேர்க்கின்றன. முழங்கால் தட்டுகள் மூடினால் உயரத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நம்பிக்கை: கம்பியில் தொங்கினால் உயரம் கூடும்.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த நம்பிக்கை வலுவாக இருப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்குக் குறைந்தது 170 செ.மீ. உயரம் வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167 செ.மீ. ஓட்டத்தையும் கயிறு ஏறுவதையும் பயிற்சியால் தேற்றிவிடலாம். ஒரு செ.மீ. குறைவு ஒரு குடும்பத்தின் சம்பளக் கனவையே நிறுத்திவிடுகிறது. ஆகவே தொங்குகிறார்கள்.

விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவருக்கு வயது 19, உயரம் 168.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் வளர்ச்சித் தட்டு இருந்த இடத்தில் பெரும்பாலும் கருங்கோடு இருக்காது. எலும்பும் எலும்பும் ஒட்டிப்போய், சிலரிடம் மெல்லிய வெள்ளை வடு மட்டும் தெரியும். குருத்துச் செல்கள் இல்லாத இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் புது எலும்பு உண்டாக வழியில்லை. ஆனால் தொங்கிவிட்டு அளந்தால் சில மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பதும் உண்மை. நம்பிக்கை பிழைத்திருப்பது அதனால்தான். அந்தக் கூடுதல் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளிலிருந்து வருகிறது. நாள் முழுதும் உடல் எடையால் அவை நீர் இழந்து அமுங்குகின்றன. படுத்தால் மீண்டும் ஊறிப் பருக்கின்றன. காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரத்துக்கும் மாலை உயரத்துக்கும் ஒரு செ.மீ. அளவுக்கு வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் இயல்பு. தொங்கிக் கிடைத்தது சில மணி நேரம் நடந்தாலே போய்விடும். மாலையில் 168.5 அளந்தவர் காலையில் 169.5 வரை வரலாம். 170-ஐத் தொடுவதற்கு அது போதாது.

நம்பிக்கை: இருபத்தொரு வயதுவரை எல்லோரும் வளர்வார்கள்.

காலண்டர் வயது தட்டை மூடுவதில்லை, ஹார்மோன் மூடுகிறது. பெண்களுக்கு முழங்கால் தட்டுகள் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 16 முதல் 18-க்குள்ளும் மூடுகின்றன. முதுகெலும்பு சற்றுத் தாமதமாக நிற்பதால் கால் நின்றபிறகும் உடம்புப் பகுதியில் சிறிதளவு கூடலாம். பருவமடைதல் தாமதமான பையன்கள் 19, 20 வரை வளர்வதும் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை உருவாகியிருக்க வேண்டும்.

மூடச்செய்யும் ஹார்மோன் எது என்பது வியப்பானது: ஆண்களிலும் அது ஈஸ்ட்ரோஜன்தான். ஆணின் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருடைய டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறையில்லை. ஆனால் மரபுக் குறைபாட்டால் அவரது செல்கள் ஈஸ்ட்ரோஜனை உணரவில்லை. உயரம் 204 செ.மீ.; வளர்ச்சித் தட்டுகள் அப்போதும் திறந்தே இருந்தன. பின்னர் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கவே முடியாத ஆண்கள் சிலர் கண்டறியப்பட்டு, அவர்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது தட்டுகள் மூடிக்கொண்டன. ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாகக் கதவைச் சாத்துவதில்லை. இருப்பில் உள்ள விதைச் செல்களை அது விரைவில் முதுமையடையச் செய்கிறது. பிரியும் ஆற்றல் தீர்ந்து குருத்து மெலிந்ததும் இருபுறத்து எலும்பும் அதைக் கடந்து ஒட்டிக்கொள்கின்றன. பருவ வயதில் ஒரே ஆண்டில் மளமளவென வளர்வதும், பிறகு வளர்ச்சி நிற்பதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள்.

நம்பிக்கை: பெண் வயதுக்கு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும்.

நிற்பதில்லை, வேகம் குறைகிறது. முதல் மாதவிடாய்க்குப் பிறகும் சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வளர்ச்சி மீதமிருக்கும், பத்து வயதிலேயே பூப்பெய்தியவளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ‘இனி வளரப்போவதில்லை’ என்று நினைத்து அவள் தட்டில் சோற்றைக் குறைப்பது அந்த மீதத்தையும் வீணாக்கும்.

நம்பிக்கை: டானிக்கும் பவுடரும் நின்ற வளர்ச்சியைத் தொடங்கும்.

மூடிய தட்டை எந்த மாவும் மாத்திரையும் திறக்காது. வளர்ச்சி ஹார்மோன் ஊசிகூட அப்போது உயரம் தராது. கை, கால், தாடை எலும்புகளைத் தடிக்கச்செய்துவிடும். தட்டு திறந்திருக்கும் வயதில் உடல் தேறுவதற்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடும். கிடைக்க வேண்டிய உயரமும் போய்விடும். மூடிய பிறகு காலை நீட்ட உள்ள ஒரே வழி அறுவைச் சிகிச்சை. எலும்பை வெட்டி, வெளிச்சட்டத்தாலோ உள்கம்பியாலோ நாளுக்கு ஒரு மி.மீ. வீதம் விலக்கி, இடைவெளியில் புது எலும்பு வளரக் காத்திருக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கிருமித்தொற்று, நரம்புச் சேதம் ஆகிய ஆபத்துகளும் உண்டு.

மருத்துவம் கைகொடுக்கக்கூடிய காலம் தட்டு மூடுவதற்கு முன்புதான். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, நெடுநாள் குடல் நோய் ஆகியவை வளர்ச்சியை நிறுத்தும்; நேரத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும். ஐந்து வயதுக்கும் பருவமடைவதற்கும் இடையே ஆரோக்கியமான குழந்தை ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வளரும். ஒரே சுவரில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் பென்சில் கோடு போட்டுவந்தாலே குறைவு தெரிந்துவிடும். ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வயதைக் குழந்தையின் வயதோடு ஒப்பிடுவார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எலும்பு வயது பத்து என்று வந்தால் அவனுக்கு வளர இன்னும் ஆண்டுகள் மீதமிருக்கின்றன. பதினான்கு என்று வந்தால் மீதம் குறைவு.