ஓரம் வரை அச்சடிக்காத பிரிண்டரில் ஓரம் வரை நிறமுள்ள அழைப்பிதழ்

புதுமனை புகுவிழாவுக்கு ஓர் அழைப்பிதழ் வடிவமைக்கிறீர்கள். பின்னணி முழுக்க மஞ்சள் நிறம். திரையில் தாளின் நுனி வரை நிறம் நிற்கிறது, அச்சில் வரும்போது நான்கு பக்கமும் வெள்ளைக் கோடு. இது பிரிண்டரின் பழுதல்ல. அமைப்பை எப்படி மாற்றினாலும் பெரும்பாலான லேசர் பிரிண்டர்களில் இந்தக் கோடு போகாது.

லேசர் பிரிண்டரில் டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. தாளின் மேல் படிந்த பிறகு, சூடான ரோலருக்கு அடியில் போய் உருகி ஒட்டுகிறது. தாளின் முன்நுனியிலேயே டோனர் இருந்தால், அது உருகிப் பிசுபிசுத்து நுனியை ரோலரோடு ஒட்டிவிடும். தாள் வெளியே வராமல் ரோலரைச் சுற்றிக்கொண்டு உள்ளே சிக்கும். நுனி வெள்ளையாக இருந்தால்தான் தாள் ரோலரைவிட்டுப் பிரிந்து வரும். பக்க ஓரங்களுக்குக் காரணம் வேறு. தாள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போவதில்லை, சற்று இடமோ வலமோ நகரும். ஓரம் வரை டோனர் வைத்தால், தாளைத் தாண்டிய பொடி உள்ளிருக்கும் ரோலரில் படிந்து அடுத்த தாளின் பின்புறத்தைக் கறையாக்கும்.

இங்க்ஜெட்டில் சிக்கல் பிடிமானத்தில் இருக்கிறது. மை தெளிக்கும் தலைக்கு முன்னால் ஒரு ரோலரும் பின்னால் ஒரு ரோலரும் தாளைப் பிடித்து நகர்த்துகின்றன. தாளின் கடைசிப் பகுதி முதல் ரோலரைவிட்டு நழுவியதும் நகர்வின் துல்லியம் குறைகிறது. அதனால்தான் சில மாடல்களில் கீழ் ஓரம் மட்டும் மற்றவற்றைவிட அகலமாக விடப்படுகிறது.

இனி உங்கள் பிரிண்டரை அளந்து பாருங்கள். A4 பக்கம் முழுவதும் வெளிர் சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு பிடிஎஃப் கோப்பை உருவாக்குங்கள். அச்சிடும் இடத்தில் `Actual size` என்பதைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு தாள் எடுங்கள். நான்கு பக்கத்து வெள்ளையையும் ஸ்கேலால் அளந்து, எல்லாத் தாள்களிலும் கிடைத்ததில் மிகப் பெரிய அளவை அந்தந்தப் பக்கத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தாளை நம்ப வேண்டாம், ஏனென்றால் தாள் நகர்வது அதில் தெரியாது. பல லேசர் பிரிண்டர்களில் இது 4.2 மி.மீ. அளவில் இருக்கும். A4 என்பது 210 × 297 மி.மீ. இரு பக்கமும் 4.2 கழித்தால் அச்சாகும் பரப்பு 201.6 × 288.6 மி.மீ.

`Fit` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் முழுப் பக்கத்தையும் இந்தப் பரப்புக்குள் சுருக்கிவிடும். 201.6-ஐ 210-ஆல் வகுத்தால் 0.96. அதாவது 100 மி.மீ. கோடு 96 மி.மீ. ஆகிவிடும். சாதாரணக் கடிதத்துக்குப் பரவாயில்லை. லேபிள் தாளிலும், ஏற்கெனவே கட்டம் அச்சான படிவத்திலும் எழுத்து கட்டத்தைவிட்டு விலகி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வேர்டில் நாம் வைக்கும் மார்ஜின் வேறு. அது எழுத்து எங்கே தொடங்க வேண்டும் என்ற நம் விருப்பம். அதை அச்சாகும் பரப்பைவிடக் குறைத்தால் வேர்டு எச்சரிக்கும், மீறி அச்சிட்டால் ஓர எழுத்து வெட்டுப்படும்.

அழைப்பிதழுக்கு வருவோம். ஓரம் வரை நிறம் வேண்டுமென்றால், பெரிய தாளில் அச்சிட்டு வெட்டுவதுதான் வழி, அச்சகங்களும் அப்படித்தான் செய்கின்றன. நிறத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்ட வேண்டும், இதை ப்ளீட் என்பார்கள். வெட்டு சற்றுத் தவறினாலும் வெள்ளை தெரியாது. ஆனால் A4-இல் இரண்டு A5 அழைப்பிதழ்கள் போடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு சேர்ந்தாலே தாள் முழுவதும் போய்விடும், ப்ளீட்டுக்கும் வெள்ளை ஓரத்துக்கும் இடமில்லை. அளவை 135 × 190 மி.மீ. என்று குறையுங்கள். ப்ளீட்டோடு ஒன்று 141 × 196 ஆகும். பக்கத்தில் பக்கமாக இரண்டு வைத்தால் 282 × 196. இது 288.6 × 201.6-க்குள் அடங்கும். மூலைகளில் மெல்லிய வெட்டுக் குறிகள் போட மிச்சம் சில மில்லிமீட்டர்தான், ஆகவே குறிகளைச் சிறிதாக வையுங்கள். பெயர், தேதி போன்ற எழுத்துகளை வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய பார்டர் மட்டும் வைக்காதீர்கள். வெட்டு அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் அது கண்ணில் உறுத்தும்.

`Borderless` வசதியுள்ள இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் வெட்டாமலேயே இதைச் செய்யலாம். அது படத்தைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக்கி, வெளியே போகும் மையை உள்ளிருக்கும் பஞ்சில் உறிஞ்சவிடுகிறது. ஆகவே அங்கும் ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். முக்கியமான எதையும் நுனிக்கு அருகில் வைக்க வேண்டாம், முதல் தாளை அளந்து பார்த்த பிறகே மற்றவற்றை எடுங்கள்.