பங்குனியில் விடும் குஞ்சு, கத்திரியில் எடை ஏறும் கோழி

கம்மாபுரம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணையாளர்களுக்கு: பங்குனி கடைசியிலும் சித்திரை முதல் வாரத்திலும் குஞ்சு இறக்குகிறவர்கள், இறக்குவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும். ஏப்ரல் 5-ஆம் தேதி விடும் குஞ்சுக்குக் கத்திரி வெயில் தொடங்கும் மே 4 அன்று வயது 29 நாள். அதன்பின் அது ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்கு ஏறுவதெல்லாம் அந்த வெயிலுக்குள்தான். மே மாதத்தில் கோழி வாயைப் பிளக்கும்போது கொட்டகையைப் பெரிதாக்க முடியாது. எண்ணிக்கையை இப்போதுதான் குறைக்க முடியும்.

200 அடி நீளம், 24 அடி அகலம் உள்ள கொட்டகையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 4,800 சதுர அடி. கோழிக்கு ஒரு சதுர அடி என்ற வழக்கமான கணக்கில் 4,800 குஞ்சு விடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் இது சரி. கோடையில் தலையை எண்ணுவதை விட்டு எடையை எண்ணுங்கள். பக்கம் திறந்த கொட்டகையில் கத்திரி நேரத்தில் ஒரு சதுர அடிக்கு 1.7 கிலோவுக்கு மேல் உயிர் எடை நிற்கக் கூடாது. 4,800 சதுர அடிக்கு அது 8,160 கிலோ. இரண்டு கிலோவில் பிடிப்பதாக இருந்தால் 4,000 கோழி, அதாவது கோழிக்கு 1.2 சதுர அடி.

ஒப்பந்தப் பண்ணையில் எத்தனை குஞ்சு என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது என்பீர்கள். சரிதான். ஆனால் 35-ஆம் நாளில் சாகிற கோழி தின்ற தீவனம் முழுவதும் உங்கள் தீவன மாற்றுக் கணக்கில்தான் ஏறும். குறைத்துத் தர மறுத்தால், 30 நாள் வாக்கில் ஒரு பகுதியை முன்னதாகப் பிடித்துக்கொள்ள இப்போதே மேற்பார்வையாளரிடம் பேசி வையுங்கள். ஒன்றரைக் கிலோ கோழியில் 800 போனாலே மீதி 4,000-க்கு இடம் கிடைத்துவிடும்.

அடுத்தது படுதா. பங்குனியில் நம் பக்கம் பகல் சுடும், விடியற்காலை பனி இறங்கும். முதல் வாரக் குஞ்சுக்குத் தரைமட்டத்தில் 32, 33 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். இரவில் படுதா ஏற்றாமல் இருக்க முடியாது. ஆனால் எப்படி ஏற்றுகிறோம் என்பதில்தான் பல கொட்டகைகள் கெடுகின்றன. படுதாவின் அடி விளிம்பைக் குட்டைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்து, மேல் விளிம்பைக் கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றி இறக்க வேண்டும். திறப்பு எப்போதும் மேலே இருக்கும். மேலே கட்டி கீழிருந்து சுருட்டுகிற படுதாவில் குளிர்காற்று நேரே குஞ்சின் மேல் அடிக்கும். வெப்பமும் அம்மோனியாவும் கூரைக்கடியிலேயே தங்கும்.

எவ்வளவு குளிராக இருந்தாலும் மேலே ஒரு அடி திறந்தே இருக்கட்டும். கரி அடுப்பு வைத்துச் சூடேற்றுகிறவர்கள் இதில் துளியும் சமரசம் செய்யக் கூடாது. முழுக்க மூடிய கொட்டகையில் அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், உள்ளே படுத்திருக்கும் ஆளையும் கொல்லும். காலையில் உள்ளே போனதும் குஞ்சின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் இரவு முழுக்க மூடிக் கிடந்தது என்று பொருள். போன உடனே பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் நம் மூக்குக்குப் பழகிவிடும். குஞ்சுகள் அடுப்படியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் குளிர், சுவரோரம் ஒதுங்கினால் சூடு, ஒரே பக்கமாகக் குவிந்தால் எதிர்ப்பக்கப் படுதாவில் கிழிசல்.

மூன்றாம் வாரத்திலிருந்து பகலில் படுதாவை முழுக்க இறக்கி, சுவருக்குக் கீழே தொங்கவிட்டுக் கட்டிவிடுங்கள். கம்பி வலையில் படிந்த ஒட்டடையையும் இறகையும் துடைப்பத்தால் தட்டுங்கள், வலைக்கண் அடைபட்டால் பாதிக் காற்று அங்கேயே நின்றுபோகும். சேத்தியாத்தோப்புப் பக்கம் கொட்டகையை ஒட்டியே கரும்பு நிற்கிறது. ஆளுயரக் கரும்பு ஒரு சுவர் மாதிரிதான், அந்தப் பக்கத்துக்கு மின்விசிறி வைத்தே தீர வேண்டும். விசிறிகளை எதிரெதிராக வைக்காமல், எல்லாம் ஒரே திசையில், காற்று போகும் போக்கிலேயே வீசும்படி வையுங்கள்.

கத்திரியில் ஒரு நாள் இப்படிப் போகட்டும். காலை 10 மணிக்குத் தீவனத் தட்டுகளை உயர்த்திவிடுங்கள், மாலை 5 மணிக்கு இறக்குங்கள். தின்ற தீவனம் செரிக்கும் சூடு நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அது பிற்பகல் மூன்று மணியில் வந்து சேரக் கூடாது. இழந்த தீனியை விடியற்காலை 3 மணிக்கு விளக்குப் போட்டு ஈடுகட்டலாம். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, குழாயில் நிற்கும் சுடுதண்ணீரை மதியம் இரண்டு முறையாவது திறந்து வெளியேற்றுங்கள். கூரைத் தெளிப்பான் 11 மணிக்கே ஓடட்டும், ஷீட் காய்ந்த பிறகு தொடங்கினால் பலன் பாதிதான். மதியம் அரை மணிக்கு ஒரு முறை ஓரத்திலிருந்து மெதுவாக நடந்து கோழிகளை எழுப்பிவிடுங்கள், உட்கார்ந்த கோழிக்கடியில் தேங்கும் சூடு வெளியேறும். விரட்டக் கூடாது.

புகைத்தெளிப்பான் விஷயத்தில்தான் அதிகம் தவறுகிறது. பண்ணைகளில் ஒரு கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள், 160-ஐத் தாண்டினால் கோழி திணறத் தொடங்கும். மேல்காற்று வீசும் உலர்ந்த மதியம் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட், ஈரம் 35, கூட்டினால் 139. எண் சிறிது என்று நிம்மதி அடையாதீர்கள், அந்த வெயிலே ஆபத்துதான். ஆனால் காற்றில் ஈரத்துக்கு இடம் இருக்கிறது. புகைத்தெளிப்பான் வேலை செய்யும். ஒரு நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்துங்கள். கோடை மழை பெய்த மறுநாளோ வேறு. வெப்பமானி 33-தான் காட்டும், அது 91 ஃபாரன்ஹீட். ஈரம் 80. கூட்டினால் 171. கோழி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. ஈரக் காற்றில் மூச்சின் ஈரம் சரியாக ஆவியாகாது. அன்றைக்குத் தெளிப்பானை ஓட்டினால் நாமே குழி தோண்டுகிறோம். மேற்குப் பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தால் அதையும் அவிழ்த்துவிட்டு, இருக்கிற விசிறியெல்லாம் போடுங்கள். மழைக்காக ஏற்றிய படுதாவைத் தூறல் நின்ற கையோடு இறக்க மறந்துவிடுவதுதான் இங்கே பெரிய சாவுக்குக் காரணம்.

கூளத்தையும் தினம் ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, காய்ந்த நார்க்கழிவோ உமியோ போடுங்கள். கிளறிவிடுவது காலையில் மட்டும்.

சாவு வந்தால் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். கொழுத்த சேவல்கள் கொட்டகை நடுவில் கிடந்தால் காற்று போதவில்லை. மேற்குக் கடைசியில் மட்டும் கிடந்தால் சாய்வெயில் உள்ளே விழுகிறது. கூரை நீட்டத்துக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டுங்கள், வலையை ஒட்டாமல் இரண்டடி தள்ளி. பிடிப்பு வண்டியை நள்ளிரவுக்கு மேல் வரச் சொல்லுங்கள். விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். கூண்டுக்கு ஏற்றும் எண்ணிக்கையில் இரண்டைக் குறைக்கச் சொல்லி, வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள்.